கேரம் போர்டில் மாமன் - மச்சினன் கிண்டல்: எதுவரை விளையாட்டு, எங்கே சண்டை?

பொங்கல் விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து வீடே கொஞ்சம் அசந்திருக்கும் நேரம். பீரோவுக்குப் பின்னால் நிற்கும் கேரம் போர்டு வெளியே வருகிறது. ஒருவர் பவுடர் டப்பாவைத் தேட, இன்னொருவர் காய்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு கறுப்பு குறையுதே" என்கிறார். குறையும் காய்க்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தானோ, ஐந்து ரூபாய் நாணயமோ உள்ளே வருகிறது. முதல் அடி விழும் முன்பே முதல் கிண்டல் விழுந்துவிடுகிறது.

"மாமா, கண்ணாடியைப் போட்டுட்டு உட்காருங்க. அப்புறம் குழி தெரியலைன்னு சொல்லாதீங்க."

உறவினர்கள் சேர்ந்து ஆடும் கேரமில் காய் அடிப்பது பாதிதான். மீதிப் பாதி இந்தப் பேச்சு. பெரும்பாலும் அது சிரிப்பில் முடிகிறது. ஆனால் சில வீடுகளில் அதே பேச்சுக்குப் பிறகு போர்டு மடக்கி வைக்கப்பட்டு, இரண்டு குடும்பங்கள் மாதக்கணக்கில் பேசாமல் போனதும் உண்டு. நேற்றுவரை எல்லாரும் சிரித்த கிண்டல் இன்றைக்கு ஏன் குத்துகிறது? எங்கே கோடு தாண்டப்படுகிறது? விரிவாகப் பார்ப்போம்.

கேரமில் ஏன் இவ்வளவு பேச்சு?

முதல் காரணம் போர்டின் அளவு. போட்டிகளில் பயன்படும் கேரம் போர்டின் ஆடுதளம் ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர்தான். 4 பேர் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அடிக்கும்போது உதட்டைக் கடிப்பது, ஒரு கண்ணை மூடுவது, தவறியதும் முகம் சுருங்குவது என எதுவும் தப்பாது. கிரிக்கெட் மைதானத்தில் கத்திச் சொல்ல வேண்டியதை இங்கே முணுமுணுத்தாலே போதும்.

இரண்டாவது காரணம் காத்திருப்பு. காய் விழுந்துகொண்டே இருக்கும்வரை ஸ்ட்ரைக்கர் அடிப்பவர் கையிலேயே இருக்கும். மற்ற 3 பேருக்கும் அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வாயைத் தவிர. நன்றாக ஆடுபவர் தொடர்ந்து 4 காய் போட்டால், எதிரணிக்கு இருக்கும் ஒரே ஆயுதம் பேச்சுதான்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. கேரமில் திறமையும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. குறிவைத்த காய் நிற்க, குறிவைக்காத காய் சுவரில் மோதித் திரும்பிக் குழிக்குள் விழும். அதனால் தோற்றவருக்கு எப்போதும் ஒரு சாக்கு கையில் இருக்கிறது. "பவுடர் கூடிப்போச்சு", "மழைக்காலத்துல போர்டு வளைஞ்சிருச்சு", "இந்த ஸ்ட்ரைக்கர் ரொம்ப லேசா இருக்கு" என்று எதையாவது சொல்லலாம். மற்றவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஆனால் சொல்ல விடுவார்கள். "ஆமா, போன வருஷமும் இதே போர்டுதான் வளைஞ்சிருந்துச்சு" என்று இன்னொரு கிண்டல் வரும். தோல்வி முழுவதும் ஆளின் தலையில் விழாமல் பாதி போர்டின் தலையில் விழுவதால்தான், கேரமில் கிண்டலைத் தாங்கிக்கொள்வது எளிதாக இருக்கிறது.

யார் யாரைக் கிண்டல் செய்யலாம்?

வெளியில் இருந்து பார்த்தால் எல்லாரும் எல்லாரையும் கலாய்ப்பது போலத் தெரியும். கொஞ்சம் கவனித்தால் அப்படி இல்லை என்பது புரியும். தமிழ்க் குடும்பத்தில் இதற்கு 'முறை' என்று ஒன்று இருக்கிறது.

மாமன் - மச்சினன், அத்தை மகன் - மாமன் மகன், தாத்தா - பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு இடையே கேலி தாராளமாக நடக்கும். "அவன் மச்சான் முறை, கேலி பண்ணத்தான் செய்வான்" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா என்றால் அளவு குறையும். மாமனார் - மருமகன் என்றால் கிட்டத்தட்ட பூட்டுதான். திருவிழாவில் மஞ்சள் நீர் ஊற்றும்போது முறைக்காரர்கள் மேல்தான் ஊற்றுவார்கள் அல்லவா? அதே கணக்கு கேரம் போர்டிலும் ஓடுகிறது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஏ.ஆர்.ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் 'ஆப்பிரிக்கா' என்ற ஆய்விதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் அதற்குக் கோபப்படக் கூடாது என்று வழக்கமே அனுமதித்திருக்கும் உறவுகள் பல சமூகங்களில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மனைவியின் சகோதரர்களோடு கேலியும், மாமனார் மாமியாரோடு ஒதுக்கமும் மரியாதையும் பல இடங்களில் ஒன்றாகவே காணப்படுவதையும் அவர் குறிப்பிட்டார்.

அதற்கு அவர் சொன்ன விளக்கம் நம் வீடுகளுக்கும் பொருந்தும். கல்யாணம் இரண்டு குடும்பங்களைச் சேர்க்கிறது. ஆனால் அந்த இரண்டும் தனித்தனிக் குடும்பங்களாகவும் நீடிக்கின்றன. பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்ற இரண்டுக்கும் நடுவே உரசலுக்குக் காரணம் எப்போதும் இருக்கும். அந்த உரசலை நேரடிச் சண்டையாக விடாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரியவர்களோடு அதிக மரியாதை காட்டி விலகி நிற்பது. இன்னொன்று, சம வயதுக்காரர்களோடு பொய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருப்பது. மாமனும் மச்சினனும் போர்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து திட்டிக்கொள்வது இந்த இரண்டாவது வழி.

ஒரு ஆட்டம், 4 பேர்: நடப்பது என்ன?

பல வீடுகளில் நடக்கக்கூடிய ஓர் ஆட்டத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். மதுரைப் பக்கம் ஒரு வீடு. போர்டைச் சுற்றி 4 பேர்.

27 வயது மச்சினன். அவருக்கு ஜோடியாக எதிரில் அவருடைய அப்பா. இந்த வீட்டுப் பேத்திக்கு அவர் தாத்தா, எனவே தாத்தா என்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஜோடியில் ஒருவர், மச்சினனின் அக்காவைக் கட்டிய மாமா. அவருக்கு எதிரில், மூத்த அண்ணனின் மகளான கல்லூரி மாணவி, அதாவது தாத்தாவின் பேத்தி.

எதிரணிகளுக்கு இடையே எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். மாமாவுக்கும் மச்சினனுக்கும் இடையே கேலிக்குத் தடையே இல்லை. பேத்திக்கும் தாத்தாவுக்கும் இடையேயும் தடை இல்லை. பேத்திக்கு மச்சினன் சித்தப்பா முறை என்பதால், அங்கே கொஞ்சம் அளந்துதான் பேச வேண்டும். மாமாவுக்குத் தாத்தா மாமனார். அங்கே வாயே திறக்க முடியாது.

ஆனால் தாத்தாவோ ஒவ்வொரு அடிக்கும் 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைப்பார், நகர்த்துவார், மறுபடியும் பழைய இடத்துக்கே கொண்டு வருவார். மாமாவுக்குப் பொறுமை போகிறது. நேராகச் சொல்ல முடியாது. அதனால் பேத்தியைப் பார்த்து, "ஏம்மா, அடுத்த பொங்கலுக்குள்ள இந்த அடி விழுந்துருமா?" என்கிறார். பேத்தி உடனே, "தாத்தா, மாமா ஊருக்குக் கிளம்பணுமாம், சீக்கிரம் அடிங்க" என்று போட்டுக் கொடுக்கிறாள். தாத்தாவும் சிரித்துக்கொண்டே, "உங்க மாமாவை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லு, தோத்துட்டுப் போகட்டும்" என்கிறார்.

மாமனாரும் மருமகனும் ஒரு வார்த்தைகூட நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் கிண்டல் செய்துகொண்டுவிட்டார்கள். மரியாதையும் குறையவில்லை. நடுவில் நின்ற பேத்திதான் தந்திக்கம்பி. இப்படிச் சாடையாகப் பேசுவது முறை தடுக்கும் இடத்தில் கிண்டல் கண்டுபிடித்துக்கொண்ட குறுக்குவழி.

அந்த ஒரு ஃபவுல்

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. மாமா - பேத்தி ஜோடிக்கு 2 வெள்ளைக் காய்கள் பாக்கி. மச்சினன் - தாத்தா ஜோடிக்கு ஒரே ஒரு கறுப்பு. அதுவும் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஊதினால் விழுந்துவிடும். ஆனால் ரெட் இன்னும் போர்டில் இருக்கிறது. ரெட்டை விட்டுவிட்டுக் கடைசிக் காயைப் போட முடியாது. முதலில் ரெட்டைப் போட வேண்டும். அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட்டு 'ஃபாலோ' காட்ட வேண்டும். ஃபாலோ விழாவிட்டால் ரெட் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும்.

மச்சினன் கையில் ஸ்ட்ரைக்கர். ரெட்டைச் சுத்தமாகப் போட்டுவிட்டார். கைதட்டல். இனி விளிம்பில் இருக்கும் கறுப்பை மெதுவாகத் தொட்டால் போதும், ஜெயம். ஆர்வத்தில் கொஞ்சம் வேகமாகச் சுண்டிவிட்டார். ஸ்ட்ரைக்கர் காயை உரசிக்கொண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. காய் ஒரு சுற்றுச் சுற்றி அதே விளிம்பில் நின்றது.

ஃபவுல். ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. ஏற்கெனவே போட்ட கறுப்பில் ஒன்றும் மைனஸாக வெளியே வந்தது. ஒரு அடியில் முடிய வேண்டிய ஆட்டத்தில் இப்போது 2 கறுப்பும் ரெட்டும் பாக்கி.

மாமா விடுவாரா? "மாப்ள, காயைப் போடச் சொன்னா ஸ்ட்ரைக்கரைப் போடுறியே. அதுக்குப் பாயிண்ட் கிடையாதுடா."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும்தான். "பவுடர் ஜாஸ்தி மாமா, வழுக்கிட்டுப் போயிருச்சு. நீங்க போட்ட பவுடர்தானே?" பதிலும் வந்துவிட்டது. இதுவரை எல்லாம் சரி.

இங்கே நின்றிருக்கலாம். சிரிப்பு நன்றாக வந்த உற்சாகத்தில் மாமா இன்னொன்று சொன்னார்.

"எல்லாத்துலயும் இதே கதைதான். குரூப் 2-லயும் விளிம்பு வரைக்கும் போயிட்டு நின்னுருது."

மச்சினன் 3 வருடமாக டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார். 2 முறை முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வில் நழுவியவர். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பேத்தி மட்டும் பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மச்சினன் பதில் சொல்லவில்லை. பவுடரைத் தட்டி, ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த போர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

இரண்டு கிண்டலுக்கும் என்ன வித்தியாசம்?

முதல் கிண்டலும் இரண்டாவது கிண்டலும் ஒரே அடியைப் பற்றியவைதான். சொன்னவரும் கேட்டவரும் அதே ஆட்கள். முறையும் மாறவில்லை. பிறகு ஏன் ஒன்று இனித்தது, ஒன்று கசந்தது?

முதல் கிண்டல் போர்டுக்கு உள்ளேயே இருந்தது. அந்த அடி தவறிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த போர்டில் அதையே போட்டுக் காட்டலாம். காய்களை மறுபடியும் அடுக்கியதும் அந்தக் கிண்டலின் ஆயுள் முடிந்துவிடும். பவுடர் மேல் பழி போடவும் இடம் இருந்தது.

இரண்டாவது கிண்டல் போர்டைத் தாண்டிவிட்டது. தேர்வு முடிவு அடுத்த போர்டில் மாறாது. அதற்குப் பவுடரைக் காரணம் சொல்ல முடியாது. சொன்னவர் அக்கா வீட்டுக்காரர் என்பதால், "அங்கேயும் நம்மைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்களா?" என்ற கேள்வியும் கூடவே வரும். பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்ற அந்தப் பழைய உரசல் மேலே வந்துவிடுகிறது. விளையாட்டாகத் திட்டிக்கொள்ளும் வழக்கம் எதை மூடி வைக்க உருவானதோ, அதையே இந்த ஒரு வரி திறந்துவிட்டது.

பேசப்படாத இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. 2 பேர் ஆட்டத்தில் தவறியவருக்கு அடுத்தடுத்து ஸ்ட்ரைக்கர் வந்துவிடும். 4 பேர் ஆட்டத்தில் ஃபவுல் போட்டவர் மற்ற 3 பேரும் ஆடி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குத்தும் வார்த்தை விழும் நேரத்தில் அவர் கையில் எதுவும் இல்லை. அடியால் பதில் சொல்ல வழியில்லை.

"சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்!"

மாமாவிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார். அது பொய்யும் அல்ல. அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய குழுவினரும் 2006-ல் கேலி பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். கேலி செய்பவருக்குத் தன் நோக்கம் நல்லது என்று உள்ளுக்குள் தெரியும். அதனால் எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் கேட்பவருக்குக் கிடைப்பது வார்த்தை மட்டும்தான், நோக்கம் கிடைப்பதில்லை. இதனால் ஒரே கேலியைச் சொன்னவர் விளையாட்டாகவும், கேட்டவர் அதைவிடக் கடுமையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் சாரம்.

அதாவது, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது சொன்னவர் பக்கத்து உண்மை. கேட்டவர் பக்கத்தில் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

கிண்டல் எந்தப் படியில் இருக்கிறது?

வீட்டு ஆட்டத்தில் வரும் கிண்டல்களைக் கவனித்தால் அவை படிப்படியாக ஏறுவது தெரியும்.

முதல் படி அடியைப் பற்றியது. "குழி அந்தப் பக்கம் இருக்கு" என்பது போல. இதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

இரண்டாவது படி அதிர்ஷ்டம். "இதை அடிச்சா அது விழுது, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" ஜெயித்தவருக்குச் சொல்லப்படும் கிண்டல் இது. ஜெயித்தவருக்கு வலிக்காது, தோற்றவருக்கு ஆறுதலாகவும் இருக்கும்.

மூன்றாவது படியில் ஆள் உள்ளே வருகிறார். சரியாக ஆடத் தெரியாதவரை 'ஒப்புக்குச் சப்பாணி' என்பார்கள். ஆள் கணக்குக்காகச் சும்மா சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என்று அர்த்தம். தோற்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவருக்கு 'அழுகுணி' என்று பெயர். இங்கே ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 40 வயது மாமாவை அழுகுணி என்றால் சிரிப்பு. உண்மையிலேயே அழப்போகும் 10 வயதுப் பையனை அப்படிச் சொன்னால் அது கேலி இல்லை.

நான்காவது படி 'போங்காட்டம்'. ஏமாற்றி ஆடுகிறார் என்ற குற்றச்சாட்டு. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொடவில்லை, கை மூலைக்கோட்டைத் தாண்டிவிட்டது, மைனஸ் காயை வெளியே வைக்கவில்லை என்று ஆரம்பிக்கும். விளையாட்டாகச் சொன்னாலும் இது நேர்மையைத் தொடுவதால், அடுத்த நிமிடமே வாக்குவாதமாக மாறும். இதில் பாதிச் சண்டைக்குக் காரணம் ஏமாற்று அல்ல, விதி. ஒரு வீட்டில் கட்டைவிரலால் அடிக்கலாம், இன்னொரு வீட்டில் கூடாது. ஒரு வீட்டில் ஃபவுலுக்கு ஒரு காய் மைனஸ், இன்னொரு வீட்டில் பாயிண்டில் கழிவு. இரண்டு வீட்டு ஆட்கள் ஒரே போர்டில் உட்காரும்போது இதை முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் போங்காட்டப் பேச்சே வராது.

ஐந்தாவது படி போர்டுக்கு வெளியே. வேலை, சம்பளம், மார்க், கல்யாணம் ஆகாதது, குழந்தை, நிறம், உடம்பு, கொடுத்த சீர், வாங்கிய கடன். மாமா ஏறி நின்றது இந்தப் படியில்தான். முதல் படியிலிருந்து ஒரே தாவு.

பதில் சொல்ல முடியாதவர் இருந்தால்?

மாமன் - மச்சினன் கிண்டல் ஓடுவதற்குக் காரணமே இரண்டு பக்கமும் பேசலாம் என்பதுதான். பதில் சொல்லும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த மருமகள் முதல்முறையாகப் போர்டில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்தன், நாத்தனார் எல்லாரும் கேலி செய்கிறார்கள். முறைப்படி அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அவருக்கு இந்த வீட்டில் யாரிடம் எவ்வளவு பேசலாம் என்று இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில் மாமியார் வேறு உட்கார்ந்திருக்கிறார். அவரால் சிரிக்க மட்டும்தான் முடியும். அந்தச் சிரிப்பைப் பார்த்து, "அவ ஜாலியா எடுத்துக்கிறா" என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள்.

ஒரு எளிய அடையாளம் உண்டு. பதில் கிண்டல் வருகிறதா என்று பாருங்கள். சிரிப்பு மட்டும் வந்து பதில் வராமல் இருந்தால், அந்த ஆள் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை. குரல் சட்டென்று தணிவது, போர்டையே பார்த்துக்கொண்டிருப்பது, தேவையில்லாமல் பவுடர் தூவுவது, காய் எங்கே போனாலும் சரி என்று ஓங்கி அடிப்பது, "நீங்க ஆடுங்க, நான் வரேன்" என்று எழுவது, இவையெல்லாம் அதே செய்திதான். அக்கா வீட்டுக்காரர் பேசியதும் எல்லாரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள் என்றால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

செஸ் ஆட்டத்தில் இதே கிண்டல் ஏன் அதிகம் வலிக்கிறது?

அதே மாமனும் மச்சினனும் செஸ் போர்டில் உட்கார்ந்தால் கதை வேறு. அங்கே பவுடர் இல்லை, வளைந்த போர்டு இல்லை, தானாகப் போய் விழும் காய் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே 16 காய்கள், எல்லாம் கண் முன்னால். தோற்றால் யார் மேலும் பழி போட முடியாது. "ராணி அங்கேயே நின்னுச்சே, கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டால், அது நேராக மூளையைப் பற்றிய கேள்வியாகவே விழும்.

யோசிக்கும் நேரத்தில் பேசுவது ஆட்டத்தையே கெடுக்கும் என்பதும் உண்டு. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் விதிகள், எதிராளியின் கவனத்தைச் சிதறடிப்பதையும் தொந்தரவு செய்வதையும் எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை. வீட்டு ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. அதனால் செஸ் என்றால் கிண்டலை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது பல வீடுகளில் தானாக வந்த வழக்கம். அதிலும் "இந்தக் குதிரையை எங்கே கட்டிப் போட்டீங்க?" என்று காயைக் கேலி செய்வார்கள், ஆடியவரின் அறிவை அல்ல.

உடைந்ததை எப்படி ஒட்டுகிறார்கள்?

மீண்டும் அந்த மதுரை வீட்டுக்கு வருவோம். மச்சினன் பவுடரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் பேசவில்லை.

மாமா 'ஸாரி' சொல்லலாம். ஆனால் மாமன் - மச்சினன் உறவில் அந்தச் சொல் வரவே வராது. வந்தாலும் விஷயம் இன்னும் பெரிதாகிவிடும். "பரவாயில்லை மாமா" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் மச்சினனுக்கு வரும். "சும்மா சொன்னேன்டா, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்குற" என்றால் அது அதைவிட மோசம். காயப்பட்டவரையே அழுகுணி ஆக்குகிற வேலை அது.

முதலில் அசைந்தவர் தாத்தா. மாமாவை அவர் எதுவும் சொல்லவில்லை. மகனுக்கு ஆறுதலும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் தேர்வுப் பேச்சு இன்னும் நீளும். பேத்தியைப் பார்த்து, "உன் ஆட்டம்மா. உங்க மாமாவுக்கு ஒரு காய்கூடப் போடத் தெரியாது, நீயே போட்டாத்தான் உண்டு" என்றார். மாமனார் மருமகனைக் கேலி செய்யும் அதே குறுக்குவழி. ஆனால் இந்த முறை ஒரு குட்டும் அதில் இருந்தது. பேச்சும் போர்டுக்குள் வந்துவிட்டது.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தன் முறை வந்ததும் ஸ்ட்ரைக்கரை இடது கையில் எடுத்துக்கொண்டார். "மாமனார் சொன்னது சரிதான். வலது கையில் ஆடினாலும் விழல, இடது கையில ஆடிப் பார்க்கிறேன்" என்று ஒரு அடி அடித்தார். ஸ்ட்ரைக்கர் ஒரு காயைக்கூடத் தொடாமல் சுவரில் மோதிவிட்டுத் திரும்பி வந்தது. அப்படியே போர்டில் கையை ஊன்றிக்கொண்டு மச்சினனைப் பார்த்தார்.

அதுதான் மன்னிப்பு. தன்னைக் கேலி செய்ய ஒரு நல்ல வாய்ப்பை எடுத்து மச்சினன் கையில் கொடுத்துவிட்டார். பேச்சு உறவில் ஏற்பட்ட கடனை இன்னொரு பேச்சால்தான் அடைக்க முடியும். அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது இனி மச்சினன் விருப்பம்.

சில வீடுகளில் அது உடனே வாங்கப்படாது. மச்சினன் ஆட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம். அப்போது மாமா தனியாகப் போய், போர்டு இல்லாத இடத்தில், கிண்டல் இல்லாத குரலில் பேச வேண்டியிருக்கும். ஐந்தாவது படியில் விழுந்த வார்த்தையை இடது கை ஆட்டம் எப்போதும் சரிசெய்துவிடாது.

இந்த வீட்டில் மச்சினன் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். பிறகு ஸ்ட்ரைக்கரை வாங்கிக் கோட்டில் வைத்தார். "மாமா, இடது கையும் உங்க வீட்டுக் கைதானே? அதுல மட்டும் எப்படி விழும்?"

மாமாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். விளிம்பில் இருந்த கறுப்பு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. மச்சினன் இந்த முறை ரெட்டைத்தான் முதலில் குறிவைத்தார்.